புதிய தகவல்: அண்ணாவின் காலாவதியான காப்புறுதி

"அண்ணாவின் ஆயுள் காப்புறுதிக்கு ஜனவரி 5 அன்று வங்கியிலிருந்து மாதப்பணம் கழியவில்லை. பெப்ரவரி 5 அன்று கழிந்திருக்கிறது. பிறகும் ஏன் காலாவதிக் கடிதம்?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தோம். பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

யாழ்ப்பாணக் கிளையில் விசாரித்தோம். சம்பளம் பிந்தியதால் ஜனவரியில் கணக்கில் பணம் போதவில்லை. வங்கி மறுமுறை முயலவில்லை. அண்ணாவின் ஒப்பந்தத்தில், தவணை தவறினாலும் காப்பு நீடிக்கும் சலுகைக் காலம் 30 நாள். அது பெப்ரவரி 4 உடன் முடிந்துவிட்டது. அந்த நாள்களுக்குள் மரணம் நேர்ந்திருந்தால், நிலுவையைக் கழித்துக்கொண்டு இழப்பீடு தந்திருப்பார்கள்.

"பணத்தை ஏற்றுவிட்டார்கள், எனவே ஒப்பந்தம் செல்லும்" என்று எழுதிய தம்பி சொன்னது பாதி சரி. ஏற்றது உண்மை. ஆனால் மீளப் புதுப்பிக்கும் அனுமதி வரும்வரை அது வைப்பாகவே கிடக்கும், காப்பு கிடையாது. ஒரு நாள் வித்தியாசம் என்பது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மோட்டார் சைக்கிள் காப்புறுதியை உடனே புதுப்பித்ததாக எழுதிய அக்காவுக்கு: அது ஆண்டுதோறும் எடுக்கும் புது ஒப்பந்தம். அண்ணாவின் காலாவதியான ஒப்பந்தத்தை மீட்க நிலுவை, வட்டி, உடல்நலப் பிரகடனம் மூன்றும் வேண்டும்.

அந்தப் பிரகடனத்தைப் பற்றி ஓய்வுபெற்ற முகவர் ஐயா எச்சரித்தது பெரும் உதவி. அண்ணாவுக்குச் சென்ற ஆண்டு நீரிழிவு கண்டறியப்பட்டது. முதல் விண்ணப்பத்தில் இல்லாத அதை இப்போது எழுதியே ஆகவேண்டும். மறைத்தால் பின்னர் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகும். எழுதிக் கொடுத்தோம். இரத்தப் பரிசோதனை கேட்டிருக்கிறார்கள். கட்டணம் கூடலாம், மறுக்கவும் கூடும்.

கடும் நோய்க் காப்பில் இழப்பீடு கோர முடியாத ஆரம்பக் காத்திருப்புக் காலம் மறுபடி தொடங்குமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.