ஸ்டேஷன் வைஃபை போட்டதும் சாட் ஆப் வெளியே தள்ளிடுச்சு, அவசரம்

அவசரக்குடுக்கை (மாலை 6:12)
ஸ்டேஷன்ல ஓசி வைஃபைல சேர்ந்தேன். பத்து நிமிஷத்துல சாட் ஆப் தானா லாக்அவுட் ஆயிடுச்சு. வைஃபை வழியா எவனோ என் மெசேஜ் எல்லாத்தையும் படிச்சிட்டான்னு நினைக்கிறேன். ஆபீஸ் விஷயம், வீட்டு விஷயம் எல்லாம் அதுலதான் இருக்கு. என்ன பண்றது? சீக்கிரம் சொல்லுங்க.

கம்பியில்லான் (6:15)
எந்த ஆப்? எந்த போன்? லாக்அவுட் ஆகும்போது திரையில என்ன வந்துச்சு?

வேலு_நெட் (6:19)
பொது வைஃபைன்னாலே அப்படித்தான் தம்பி. பக்கத்துல ஒருத்தன் லேப்டாப் வச்சு உக்காந்திருந்தா போதும், நீ அனுப்புறது அத்தனையும் அவன் திரையில ஓடும். நானே கண்ணால பார்த்திருக்கேன். முதல்ல விபிஎன் போடு, நீ அனுப்புறதைப் பூட்டி அதோட சர்வர் வழியா அனுப்பும்.

பழைய_மோடம் (6:24)
கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. ஆப் பெயர் இல்லை, போன் பெயர் இல்லை, பிழைச் செய்தி இல்லை. இந்தப் பகுதியின் முதல் பதிவையே யாரும் படிப்பதில்லை. நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்?

அவசரக்குடுக்கை (6:26)
வாட்ஸ்அப்தான், வேற என்ன. ஆண்ட்ராய்டு. உங்க நம்பர் வேற போன்ல பதிவாயிருக்குங்கற மாதிரி ஏதோ வந்துச்சு.

கம்பியில்லான் (6:31)
அப்போ இது வைஃபைல மெசேஜ் படிக்கிறவன் வேலை இல்ல. உங்க நம்பரை வேற ஒரு போன்ல யாரோ பதிவு பண்ணிட்டாங்க. அதுக்கு உங்க நம்பருக்கு எஸ்எம்எஸ்ல வர்ற ஆறு இலக்க கோடு வேணும். எஸ்எம்எஸ் பொதுவா வைஃபை வழியா வராது, மொபைல் நெட்வொர்க் வழியாத்தான் வரும், அதனால அதைக் காத்துல பிடிச்சிருக்க வாய்ப்பு குறைவு. யார்கிட்டயாவது கோடு சொன்னீங்களா?

அவசரக்குடுக்கை (6:32)
யார்கிட்டயும் சொல்லல. அதான் சொல்றேன், வைஃபைலதான் பிரச்சனை.

வேலு_நெட் (6:35)
சொன்னேன்ல. விபிஎன்.

நித்யா_கே (6:38)
வேலு அண்ணா, நீங்க கண்ணால பார்த்தது எந்த வருஷம்?

வேலு_நெட் (6:41)
2012 இருக்கும். ஒரு சின்ன ஆப் போட்டு, ஒரே வைஃபையில இருக்கிறவங்க வாட்ஸ்அப் மெசேஜை ஒரு நண்பன் படிச்சுக் காட்டினான்.

நித்யா_கே (6:49)
நீங்க பார்த்தது உண்மைதான். அந்தக் காலத்துல வாட்ஸ்அப் மெசேஜை மறைக்காம அப்படியே அனுப்பிட்டிருந்துச்சு. அப்புறம் மாத்திட்டாங்க. 2016-ல இருந்து அனுப்புற போன்ல பூட்டி, வாங்குற போன்லதான் திறக்குது. இப்ப அதே ஸ்டேஷன்ல அதே லேப்டாப்போட உக்காந்தாலும் உங்க நண்பனுக்குக் குப்பை எழுத்துதான் தெரியும்.

ஆனா ஒண்ணுமே தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன். வைஃபையை நடத்துறவர் உங்க போன் எந்த சர்வரைத் தேடுதுன்னு பார்க்கலாம். g.whatsapp.net மாதிரி ஒரு பேர் தெரிஞ்சாலே வாட்ஸ்அப் இருக்குன்னு புரிஞ்சிடும். எத்தனை மணிக்கு, எவ்வளவு டேட்டா போச்சுன்னும் தெரியும். சின்னச் சின்னதா விட்டுவிட்டுப் போனா எழுத்து, விடாம ஒரே சீரா ஓடினா அழைப்புன்னு ஊகிக்கலாம். என்ன பேசுனீங்கன்னு தெரியாது. போனுக்கு உங்க சொந்தப் பேரையே வச்சிருந்தா, சில போன்கள் வைஃபையில சேரும்போதே அந்தப் பேரையும் சொல்லிடும்.

மேகலை (6:53)
எனக்கும் இதே பிரச்சனை! பொது வைஃபையில சேர்ந்தா மெசேஜ் போகவே மாட்டேங்குது, கடிகாரக் குறியோடயே நிக்குது. இதுவும் ஹேக்கா?

கம்பியில்லான் (6:57)
இல்லக்கா, அது வேற. நீங்க அந்த வைஃபையோட பதிவுப் பக்கத்தைத் திறந்து ஒத்துக்கிற வரைக்கும் அது எதையும் வெளியே விடாது. பிரவுசரைத் திறந்து பாருங்க, பக்கம் தானா வரும்.

இதை எழுதும்போதுதான் தோணுது. அவசரக்குடுக்கை, உங்களுக்கு அந்தப் பதிவுப் பக்கம் வந்துச்சா? அதுல என்ன கேட்டுச்சு?

அவசரக்குடுக்கை (7:02)
வந்துச்சு. மொபைல் நம்பர் கேட்டுச்சு, ஓடிபி வந்துச்சு, போட்டேன். எல்லா வைஃபையிலயும் அப்படித்தானே?

கம்பியில்லான் (7:03)
அந்த ஓடிபி எஸ்எம்எஸ்ஸை இப்பத் திறந்து முழுசாப் படிங்க. அழிச்சிடாதீங்க.

அவசரக்குடுக்கை (7:05)
ஐயோ. அதுல வாட்ஸ்அப் கோடுன்னு போட்டிருக்கு. யாருக்கும் சொல்லாதீங்கன்னும் இருக்கு. நான் நம்பரை மட்டும்தான் பார்த்தேன்.

கம்பியில்லான் (7:14)
சரி, இப்ப கதை புரியுது. அது வைஃபை நடத்துறவங்க பக்கமே இல்ல, அதே மாதிரி செஞ்ச போலிப் பக்கம். நீங்க நம்பரைப் போட்ட உடனே அந்தப் பக்கம் இருக்கிறவன் அதே நம்பரை அவன் போன்ல வாட்ஸ்அப்ல போட்டிருக்கான். கோடு உங்களுக்கு வந்துச்சு, நீங்க வைஃபை ஓடிபின்னு நினைச்சு அவன் பக்கத்துல தட்டினீங்க, அவன் அதை எடுத்து அங்க போட்டுட்டான். விபிஎன் இருந்திருந்தாலும் இதே கதைதான். அந்தப் பக்கத்தைத் தாண்டின பிறகுதானே பெரும்பாலும் விபிஎன்னே இணையும்.

இப்ப செய்ய வேண்டியது: வைஃபையை அணைச்சிட்டு மொபைல் டேட்டாவுல வாட்ஸ்அப்பைத் திறந்து உங்க நம்பரைத் திரும்பப் பதிவு பண்ணுங்க. புதுக் கோடு வரும். அதை ஆப்புக்குள்ள மட்டும் போடுங்க. போட்ட நிமிஷமே அவன் வெளியே போயிடுவான். ரொம்பத் தடவை முயற்சி பண்ணாதீங்க, காத்திருக்கச் சொல்லிடும்.

பழைய மெசேஜ் உங்க போன்லதான் இருக்கு, அவனுக்குப் போகாது. உங்க கூகுள் கணக்கும் அவன் கையில இருந்தாத்தான் பேக்கப் எடுக்க முடியும். ஆனா அவன் உள்ளே இருந்த நேரத்துல வந்த புது மெசேஜ், நீங்க இருக்கிற குழுக்கள், அதுல இருக்கிறவங்க நம்பர், இதெல்லாம் பார்த்திருப்பான். வீட்டுல எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லுங்க, மெசேஜ் வேணாம்.

பழைய_மோடம் (7:20)
எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படிக்காதவருக்கு எந்தத் தொழில்நுட்பமும் உதவாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம்.

மேகலை (7:23)
ரயிலைப் பிடிக்க ஓடுற நேரத்துல யார் சார் முழுசாப் படிப்பாங்க? இப்ப நிறைய ஆப்ல ஓடிபி தானாவே கட்டத்துல விழுந்திடுது, கண்ணு நம்பரைத் தாண்டிப் போறதே இல்ல.

வேலு_நெட் (7:26)
விபிஎன் வேண்டாம்னு ஒரே அடியா சொல்றது தப்பு. நித்யா சொன்ன சர்வர் பேர், நேரம், இதையாவது மறைக்கும்ல?

நித்யா_கே (7:30)
வைஃபைகாரர்கிட்ட இருந்து மறைக்கும் அண்ணா, ஒத்துக்கிறேன். ஆனா அதே விவரம் இப்ப விபிஎன்காரர் கைக்குப் போகும். ஓசி விபிஎன்னா ஸ்டேஷன்காரரை விட அவரை ஏன் அதிகமா நம்பணும்?

வேலு_நெட் (7:33)
காசு கொடுத்தே வாங்கறேன்மா.

அவசரக்குடுக்கை (7:41)
கோடு போட்டேன், போச்சு. இப்ப ஆறு இலக்க பின் கேக்குது. நான் பின்னே வச்சதில்ல.

கம்பியில்லான் (7:46)
அவன் வச்சிருக்கான். பயப்படாதீங்க, எஸ்எம்எஸ் கோடு போட்டப்பவே அவன் வெளியே போயிட்டான். பின் தெரியலைன்னா 7 நாள் காத்திருக்கணும், அப்புறம் பின் இல்லாமயே உள்ளே விடும். அதுவரைக்கும் நீங்களும் இல்ல, அவனும் இல்ல. இடையில வர்ற எந்தக் கோடையும் யாருக்கும் கொடுக்காதீங்க, அவன் திரும்ப முயற்சி பண்ணுவான். உள்ளே போனதும் முதல் வேலையா உங்க பின்னை வைங்க. அது முன்னாடியே இருந்திருந்தா அந்தக் கோடு மட்டும் அவனுக்குப் போதியிருக்காது.

அவசரக்குடுக்கை (7:52)
அண்ணனுக்கு என் பேர்ல பணம் கேட்டு மெசேஜ் போயிருக்காம். நல்ல வேளை அவர் போன் பண்ணிக் கேட்டார். வண்டி வந்துடுச்சு. நன்றிண்ணா.

கம்பியில்லான் (7:54)
அந்த வைஃபை பேரை மட்டும் போன்ல சேமிச்ச பட்டியல்ல பார்த்துச் சொல்லிட்டுப் போங்க. ஸ்டேஷன் வைஃபையோட அச்சு அசல் பேரா, ஒரு எழுத்து கூடக் குறைய இருக்கா? ஸ்டேஷன் பக்கத்தையே எவனாவது மாத்திட்டானா, இல்ல பக்கத்துல உக்காந்து தனியா ஒரு வைஃபை விட்டானான்னு அதை வச்சு ஓரளவு ஊகிக்கலாம்.

நித்யா_கே (மறுநாள் காலை 9:10)
இன்னும் பதில் வரலையே?

வேலு_நெட் (9:34)
ஒரே பேர்லயும் விடலாம்மா, பேரை யார் வேணா வைக்கலாம். பட்டியலைப் பார்த்தும் பிரயோஜனம் இல்ல.