கலைச்சொல் வேண்டும்: யாரும் சொல்லாமலே வார்டில் குரல் தாழ்வதற்கு

கலைவாணி, பட்டர்வொர்த்

அனைவருக்கும் வணக்கம். நோயாளிகளைப் பார்க்க வரும் தன்னார்வலர்களுக்கு ஒரு தமிழ்க் கையேடு தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும், ஒரே ஒரு பக்கம்தான் நிற்கிறது. வார்டுக்குள் கால் வைத்ததும் எல்லாரும் தன்னாலே குரலைத் தணித்துக்கொள்கிறார்கள். பலகை இல்லை, தாதி எதுவும் சொல்வதில்லை. நூலகத்திலும் இதே கதைதான். உளவியலில் இதை 'சிச்சுவேஷனல் நார்ம்' என்கிறார்கள். 'சூழ்நிலை விதிமுறை' என்று எழுதிப் பார்த்தேன், மாதிரிப் படியைப் படித்த அக்கா ஒருவர் "இந்த விதியை எங்கே ஒட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டார். எழுதாத, யாரும் போடாத ஒன்று என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். உதவுங்கள்.

முத்தையா, செந்தூல்

அம்மா கலைவாணி, சொல்லை வெளியே தேட வேண்டாம், குறளிலேயே இருக்கிறது. 694ஆம் குறள்: 'செவிச்சொல்லும் சேர்ந்த நகையும் அவித்தொழுகல் ஆன்ற பெரியா ரகத்து.' ஒருவர் காதருகே போய்ச் சொல்வதுதான் செவிச்சொல். இதைவிடத் தெளிவான தமிழ் எங்கே கிடைக்கும்? 'செவிச்சொல் நெறி' என்று போடுங்கள். இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் நன்னூல் எழுத்தொலியின் வேறுபாட்டை எடுத்தல், படுத்தல், நலிதல் என்று பிரிக்கிறது. படுத்தல் என்பது தாழ்த்திச் சொல்வது, அதிலிருந்து 'படுகுரல்'. படு என்ற வேருக்கு வீழ்தல், தங்குதல், ஒலித்தல் என்று எத்தனையோ பொருள். படுகை, படுக்கை, பாடு எல்லாம் அதே குடும்பம். நோயாளி படுத்திருக்கும் இடத்தில் படுகுரல் என்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

ரவி, கெப்போங்

ஐயா, படுகுரல் என்றால் நம் பிள்ளைகள் 'படுமோசமான குரல்' என்றுதான் படிப்பார்கள். அதைவிட, இதற்கு உளவியலே தேவையா என்று எனக்குச் சந்தேகம். நான் மேடைக்கு ஒலி அமைப்பு செய்கிறவன். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை ஏற்றுவான், குறைந்தால் இறக்குவான். 1911இல் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வெளியிட்டது. நூலகம் அமைதி, அதனால் குரல் தாழ்கிறது, அவ்வளவுதான். 'அமைதி விளைவு' என்று போட்டு முடியுங்கள் அக்கா.

தேன்மொழி, பெட்டாலிங் ஜெயா

ரவி சொல்வது உண்மைதான், ஆனால் பாதி. லொம்பார் விளைவு குரல் ஏறுவதையும் இறங்குவதையும் சொல்லும். வார்டு எங்கே அமைதியாக இருக்கிறது? மானிட்டர் அலறுகிறது, தள்ளுவண்டி ஓடுகிறது, பார்வையாளர் நேரத்தில் கேட்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வார்டுக்கு இரவில் 30 டெசிபல் என்று பரிந்துரைத்தது. அளந்து பார்த்த வார்டுகளில் பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் இருக்கிறது. அந்த இரைச்சலிலும் நம்மாட்கள் குசுகுசு என்கிறார்கள், இதற்கு லொம்பாரிடம் பதில் இல்லை.

பக்தி, மரியாதை என்றும் சொல்ல முடியாது. கோயிலை விட மரியாதையான இடம் நமக்கு எது? பத்துமலையில் தைப்பூசத்தன்று யார் கிசுகிசுக்கிறார்கள்? ஆக, எந்த இடத்தில் எப்படி என்பதைப் பிறரைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறோம், அந்தப் பழக்கம் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2003இல் ஆர்ட்ஸ், டைக்ஸ்டர்ஹாய்ஸ் என்ற இரண்டு டச்சு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவர்களுக்கு ஒரு நூலகத்தின் படத்தைக் காட்டி, கொஞ்ச நேரத்தில் அங்கே போகப் போகிறீர்கள் என்றார்கள். அப்புறம் திரையில் வந்த சொற்களை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். அவர்களுடைய குரல் தணிந்திருந்தது. நூலகத்துக்குள் இன்னும் போகவே இல்லை, இருந்தது ஆய்வறையில்! படத்தைப் பார்த்தது மட்டும் போதவில்லை, போகப் போகிறோம் என்ற எண்ணமும் வேண்டியிருந்தது. கலைவாணி, இதை 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதிவிடாதீர்கள். இந்த வகைச் சோதனைகள் பலவற்றை மறுபடி செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை என்று கடந்த பத்துப் பதினைந்து வருடமாகத் துறைக்குள்ளேயே பெரிய விவாதம் ஓடுகிறது.

சொல்லுக்கு என் யோசனை: இடநெறி.

முத்தையா, செந்தூல்

இடம் என்றால் இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை. 'இடநெறி' என்றதும் தமிழாசிரியர்கள் அங்கேதான் போவார்கள். வேண்டுமானால் இடவழக்கு. வழக்கு என்பது தொல்காப்பியப் பாயிரத்திலேயே இருக்கும் சொல்.

ரவி, கெப்போங்

இடவழக்கு என்றால் நிலத்தகராறு என்று வக்கீலைத் தேடுவார்கள் ஐயா. 'நார்ம்' என்றே எழுதினால் எல்லாருக்கும் புரியும்.

சாந்தி, ஜெலுத்தோங்

எனக்கு இலக்கணமெல்லாம் தெரியாது, ஆனால் இதைத் தடுக்க என்ன செய்யலாம் என்றுதானே கேட்கிறீர்கள்? தயவுசெய்து கையேட்டில் எழுதுங்கள். அம்மாவை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வார்டில் வைத்திருந்தோம். இரவு யார் துணைக்குத் தங்குவது, பிள்ளைகளை யார் பள்ளியிலிருந்து கூட்டி வருவது என்று நானும் அண்ணனும் கட்டிலின் கால்மாட்டில் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தனக்கு ஏதோ பெரிய வியாதி, மறைக்கிறோம் என்று முடிவு கட்டி, கஞ்சியைத் தொடவே இல்லை. சாயங்காலம் சின்னம்மா வந்து கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

தேன்மொழி, பெட்டாலிங் ஜெயா

சாந்தி, கேள்வி அதுவல்ல, ஆனால் கையேட்டுக்கு வேண்டியது இதுதான். தாழ்ந்த குரல் வேறு, கிசுகிசுப்பு வேறு. தாழ்ந்த குரலில் குரல்நாண் அதிர்கிறது. கிசுகிசுப்பில் அதிர்வே கிடையாது, காற்றின் உரசல் மட்டும்தான். அதனால் நாலடி தள்ளிப் படுத்திருப்பவருக்கு 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வந்து சேரும், சொல் முழுசாகச் சேராது. மீதியைப் பயம் நிரப்பிக்கொள்ளும். நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் தாதியர் பணி பற்றி எழுதிய நூலில், நோயாளியின் அறைக்குள்ளேயே கிசுகிசுப்பது கொடுமை என்கிறார், காரணம் நோயாளி அதைக் கேட்க முயன்று தன்னை வருத்திக்கொள்வார் என்பதுதான்.

முத்தையா ஐயாவின் குறளும் இங்கேதான் உதவுகிறது. அந்தக் குறள் செவிச்சொல்லை நெறி என்று சொல்லவில்லையே, தவிர்க்கத்தானே சொல்கிறது? அரசர் முன்னால் அப்படிச் செய்தால் தம் குற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார் என்பது பரிமேலழகர் உரை. சாந்தியின் அம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

முத்தையா, செந்தூல்

அது சரியான வாசிப்பு, ஏற்கிறேன். அப்படியென்றால் தவிர்க்க வேண்டியதற்குப் பெயர் 'செவிச்சொல்' என்றே இருக்கட்டும். 'கிசுகிசு' என்றால் நடிகைகளைப் பற்றிய பத்திரிகைச் செய்தி என்றாகிவிட்டது.

கலைவாணி, பட்டர்வொர்த்

எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தனிமடலில் வந்த 'இடமரபு' என்ற சொல்லுக்கே ஆதரவு கூடுதல், யாரும் பெரிதாக எதிர்க்கவும் இல்லை. விதி என்ற வாடை இல்லாததால் அதையே போடுகிறேன். பக்கம் இப்படி வரும்: வார்டின் இடமரபு நம் குரலைத் தாழ்த்தும், தாழட்டும். ஆனால் கிசுகிசுக்க வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டு நோயாளியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசுங்கள். உறவினரோடு தனியாகப் பேச வேண்டியிருந்தால் நடைபாதை தாண்டிப் போய்ப் பேசுங்கள், கதவோரம் நிற்காதீர்கள். 'செவிச்சொல்' கடைசிப் பக்கச் சொல்லடைவில் வரும் ஐயா, உள்ளே 'கிசுகிசுப்பு'தான். படிப்பவர்களில் பாதிப் பேர் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள்.

முத்தையா, செந்தூல்

சொல்லடைவில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மரபு என்பது தலைமுறை தலைமுறையாக வருவது. நூலகத்துக்குள் நம்மவர்கள் போகத் தொடங்கி எத்தனை தலைமுறை ஆகிறது?

ரவி, கெப்போங்

ஐயா கேட்பது நியாயம். என் மகள் போகும் நூலகத்தில் இப்போது கலந்துரையாடும் பகுதி என்று ஒன்று திறந்திருக்கிறார்கள். அங்கே தாராளமாகப் பேசலாம், ஆனால் வருகிற பெரியவர்கள் அங்கேயும் குரலை ஏற்றுவதில்லை, பிள்ளைகள்தான் ஏற்றுகிறார்கள். இதில் இடமரபு எது, தேன்மொழி அக்கா?