வலப்புறம் திரும்பும்போது மட்டும் எரிந்து அணையும் சிவப்பு விளக்கு: மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

ஆழியாறு வாசி:
வணக்கம். என்னிடம் இருப்பது 9 ஆண்டுகள் பழைய பெட்ரோல் கார். 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். மூன்று வாரங்களாக, வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் சிலவற்றில் மட்டும் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு ஓரிரு நொடி எரிந்து தானாகவே அணைந்துவிடுகிறது. அதில் ஒரு வட்டமும் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியும் உள்ளன. மலை ஏறும்போது ஒருமுறைகூட எரிந்ததில்லை. ஒரு வேகத்தடையைக் கடந்தபோதும் ஒருமுறை மின்னியதுபோல் இருந்தது. பட்டறைக்கு இரண்டு முறை கொண்டுபோய், "பிரேக் விளக்கு எப்போதாவது எரிகிறது" என்று சொன்னேன். முதல் முறை தெருவில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டாம் முறை சென்சாரை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டி என்பதால் மனம் அமைதியாக இல்லை. நான் என்ன சொன்னால் அவர்களுக்குப் புரியும்?

தாராபுரம் ஓட்டுநர்:
இது ஏபிஎஸ் சென்சாரின் வயராகத்தான் இருக்கும். சக்கரம் திரும்பும்போது அந்த வயர் இழுபடுவதால், மேலுறை நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கம்பி அறுந்திருக்கும். என் வண்டியிலும் திரும்பும்போதுதான் விளக்கு வந்தது; வயரை மாற்றியதும் சரியாகிவிட்டது.

சமையலறைத் தோட்டம்:
என் கணவரின் வண்டியிலும் சுற்றுச்சாலையில் திரும்பும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய்க் குவளை போன்ற படம். எஞ்சின் ஆயிலை ஊற்றியதும் நின்றுவிட்டது. உங்களுக்கும் ஆயில் குறைவாக இருக்கலாம்.

கோவை மெக்கானிக்:
அம்மா, நீங்கள் சொல்வது வேறு விளக்கு. திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குவதால் அது எரிகிறது என்பது சரிதான்; ஆனால் அந்த நேரத்தில் எஞ்சினுக்கு ஆயில் போகாமல் இருந்திருக்கும் என்பதால், அது எரிந்தவுடன் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஆயில் ஏன் குறைந்தது என்றும் பார்த்துவிடுங்கள்.

தாராபுரம் தம்பி சொல்லும் வயர்ப் பழுதும் உண்மையில் வருவதுதான். ஆனால் ஏபிஎஸ் விளக்கு மஞ்சள் நிறம். ஒருமுறை எரிந்தால் பெரும்பாலும் சாவியைத் திருப்பி வண்டியை அணைக்கும்வரை அணையாது. இவருக்கோ வளைவு முடிந்ததும் அணைந்துவிடுகிறது. எனவே நான் முதலில் பிரேக் ஆயில் டப்பாவைத்தான் பார்ப்பேன். அதற்குள் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் குறைந்து மிதவை கீழே இறங்கினால் அந்தச் சிவப்பு விளக்கு எரியும். அளவு கீழ்க்கோட்டுக்கு அருகில் வந்துவிட்டால், நேராகப் போகும்போது விளக்கு வராது. பிரேக் பிடித்தாலோ இறக்கத்திலோ ஆயில் முன்னே ஓடும், திரும்பினால் வெளிப்பக்கம் ஓடும், மிதவை இருக்கும் மூலையில் மட்டும் ஒரு கணம் குறையும். மலை ஏறும்போது எரியாமல் இறங்கும்போது மட்டும் எரிவது அதற்குப் பொருந்துகிறது. இப்போது ஒரு கேள்வி: வலப்பக்கம் திரும்பும்போதா, இடப்பக்கம் திரும்பும்போதா, பிரேக் பிடித்தபடியா?

ஆழியாறு வாசி:
யோசித்துப் பார்த்தேன், எனக்கே தெரியவில்லை. நாளை இறங்கும்போது மனைவியை அருகில் உட்காரவைத்துக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பல்லடம் நண்பர்:
இவ்வளவு எதற்கு? பிரேக் ஆயில் 100 மில்லி ஊற்றினால் விளக்கு நின்றுவிடுமே.

கோவை மெக்கானிக்:
விளக்கு நிற்கும், ஆனால் அத்துடன் தடயமும் போய்விடும் என்பதால் ஊற்ற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பிரேக் ஆயில் செலவாகும் பொருள் அன்று. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்குகிறது. இல்லையென்றால் எங்கோ கசிகிறது. இப்போது ஊற்றிவிட்டால், புதிய பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா நிரம்பி வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். கசிவாக இருந்தாலோ இன்னும் மோசம், அது கொஞ்ச நாள் மறைந்தே இருக்கும். பின்சக்கரங்களின் உட்புறம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் மெத்தென்று ஆனாலோ, காலை வைத்திருக்கும்போதே மெல்ல இறங்கினாலோ, வண்டியை எடுக்கவே வேண்டாம். கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆழியாறு வாசி:
குறித்துவிட்டோம். இறங்கியபோது வலப்புற வளைவுகளில், பிரேக் பிடித்தபடி 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பிய ஆறு இடங்களில் ஐந்தில் எரிந்தது. இடப்புற வளைவுகளில் ஒன்றிலும் இல்லை. ஒருமுறை, பின்னால் வண்டி இல்லாத இடத்தில், வளைவுக்கு முன்பே இரண்டாம் கியரில் வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல் வலப்புறம் திரும்பினேன், எரியவில்லை. வேறு எந்த விளக்கும் உடன் வரவில்லை, பெடல் உறுதியாகவே இருக்கிறது. வீட்டுக்கு வந்து, டப்பாவின் மேல் படிந்திருந்த தூசியை வெள்ளைத் துணியால் துடைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயில் கீழ்க்கோட்டுக்கு ஒரு நெல்மணி அகலம் மேலே நிற்கிறது. பின்சக்கரங்களில் ஈரம் இல்லை. சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே பார்த்தால் பேட் இன்னும் 4 மில்லிமீட்டர் இருப்பதாகத் தெரிகிறது, அது போதுமே என்று குழம்புகிறேன்.

கோவை மெக்கானிக்:
வெளியிலிருந்து தெரிவது வெளிப்பேட் மட்டும்தான். காலிப்பரின் வழிகாட்டிப் பின்கள் இறுகிவிட்டால் உட்பேட் அதைவிட வேகமாகத் தேய்ந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். பட்டறையில் "சென்சார் போய்விட்டது" என்று நீங்களே முடிவு சொல்லாதீர்கள். சொன்னால் அவர் அதையே மாற்றுவார். இப்போது எழுதியதையே காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்: விளக்கின் நிறமும் படமும், எந்தப் பக்கம், எந்த வேகம், பிரேக் பிடித்திருந்ததா, எத்தனைக்கு எத்தனை முறை. எப்போதெல்லாம் எரியவில்லை என்பதையும் கட்டாயம் சேருங்கள், எனக்கு அதுதான் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. அருகில் உட்காருபவர் மொபைலில் மீட்டரைப் படமெடுக்கட்டும். ஓட்டுகிறவர் எடுக்கக் கூடாது. இன்னொன்றையும் கேளுங்கள்: மலைக்குப் போக வேண்டியதில்லை, காலி மைதானத்தில் மெதுவாக வலம் சுற்றியபடி பிரேக்கைத் தொட்டாலே எரியக்கூடும், அவரையும் உடன் ஏற்றிக்கொண்டு காட்டுங்கள்.

ஆழியாறு வாசி:
நன்றி அண்ணா. காகிதத்தைப் படித்த மெக்கானிக் இந்த முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. மைதானத்தில் இரண்டாவது சுற்றிலேயே விளக்கு எரிந்ததைப் பார்த்துவிட்டார். இடது முன்சக்கரத்தைக் கழற்றினால், வெளிப்பேட் 4 மில்லிமீட்டர், உட்பேட் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. பின்கள் காய்ந்து இறுகியிருந்தன. அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவி, இரண்டு பக்கமும் பேட் மாற்றினார். பிஸ்டனை உள்ளே தள்ளியபோது டப்பாவில் ஆயில் ஏறி மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. நேற்று வால்பாறையிலிருந்து இறங்கினோம், எந்த வளைவிலும் எரியவில்லை.

ஆனால் கோட்டூர் சாலையில் ஒரு வேகத்தடையில், நேராகப் போகும்போது, விளக்கு மறுபடி மின்னியது. ஆயில்தான் நிறைய இருக்கிறதே?

தாராபுரம் ஓட்டுநர்:
ஹேண்ட் பிரேக் லீவரின் ஸ்விட்சும் அதே விளக்கைத்தான் எரிக்கும்.

கோவை மெக்கானிக்:
தம்பி சொன்னதுதான் என் எண்ணமும். சமதளத்தில் நிறுத்தி, சாவியை ஆன் செய்து, லீவரை முழுவதும் இறக்கிவிட்டு, ஒற்றை விரலால் மயிரிழை மேலே தூக்கிப் பாருங்கள். அந்த அசைவுக்கே எரிந்தால் ஸ்விட்சை நகர்த்திப் பொருத்தினால் போதும். எரியாவிட்டால் மிதவையின் கனெக்டரில் தொடர்பு தளர்ந்திருக்கலாம், அதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

ஆழியாறு வாசி:
தூக்கிப் பார்த்தேன். ஒரு பல் ஏறிய பிறகுதான் எரிகிறது, மயிரிழைக்கு எரியவில்லை. லீவரைப் பக்கவாட்டில் ஆட்டினால் எரிகிறதா என்று நாளை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.