வெல்டர் ரெஸ்யூமேல 6ஜி டெஸ்டை எப்படிப் போடுறது?

தம்பி ஐடிஐ வெல்டர். என்டிசி இருக்கு, ஒரு வருஷம் அப்ரண்டிஸ் முடிச்சு என்ஏசியும் வாங்கிட்டான். ரெண்டையும் சேர்த்து "ஐடிஐ பாஸ்"னு ஒரே வரியில எழுதி வச்சிருந்தான். ஃபேக்டரியில வேலை பார்த்ததே தெரியல! தேதி போட்டுத் தனித்தனியா பிரிச்சுட்டேன்.

சிக்கல் 6ஜி டெஸ்ட்தான். கார்பன் ஸ்டீல் பைப், ரூட் டிக்ல, மேல ஆர்க்ல. பாஸாகி எட்டு மாசம். ஆறு மாசம் அந்த முறையில வெல்டிங் பண்ணலைன்னா தகுதி போயிடும்னு ஏஎஸ்எம்இ விதி. இவன் டிக் டார்ச்சைத் தொட்டே ஏழு மாசம். "6ஜி தகுதி உண்டு"ன்னு போடலாமா, இல்ல டெஸ்ட் தேதியை மட்டும் போட்டு, திரும்ப டெஸ்டுக்கு ரெடின்னு எழுதணுமா?

ஹாட் ஒர்க் சேஃப்டி பயிற்சி ஒருநாள் சர்டிஃபிகேட்டும் இருக்கு. அது முதல் பக்கத்துல வரணுமா? ஒரகடம், ஓசூர் பக்கம் ஆள் எடுக்கிறவங்க சொல்லுங்க.