அசலோடு சுருக்கத்தை ஒத்துப் பார்ப்பதற்கு ஒரு சொல்

வேலூர், கணினிப் பயிற்றுநர்:

வணக்கம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறேன். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய ஒரு பக்க அறிவிப்பைப் போனில் படம் பிடித்தால் செயலி மூன்று வரியில் சுருக்கித் தருகிறது. அதை முதல்முறை பயன்படுத்துகிறவர், அறிவிப்போடு வைத்துச் சரி பார்க்கும் வேலைக்கு ஒரு சொல் தேவை. ‘சுருக்கச் சரிபார்ப்பு’ என்று போட்டேன். படித்தவர்கள் ‘சுருக்கமாகச் சரிபார்ப்பது’ என்று எடுத்துக்கொண்டார்கள். கையேட்டுக்காக எழுதிய மாதிரி அறிவிப்பு:

> வரும் திங்கள் முதல் தையல் பிரிவுக்கு மட்டும் முதல் ஷிப்ட் காலை 7.30-க்குத் தொடங்கும். 7.40-க்குப் பின் வருவோர், மேற்பார்வையாளரின் கையொப்பம் பெற்றிருந்தால் ஒழிய, அரை நாள் விடுப்பில் வைக்கப்படுவர். வங்கிக் கணக்கை மாற்றியவர்கள் பாஸ்புக் நகலை 10-ஆம் தேதிக்குள் தரவேண்டும். தவறினால் சம்பளம் பழைய கணக்கிற்கே செல்லும்.

சுருக்கம்:

> திங்கள் முதல் ஷிப்ட் 7.30-க்குத் தொடங்கும். 7.40-க்குப் பின் வந்தால் அரை நாள் விடுப்பு. ஊழியர்கள் பாஸ்புக் நகலை 10-ஆம் தேதி தரவேண்டும்.

காட்பாடி, கணக்காளர்:

எங்கள் வேலையில் இதை ‘டேலி பண்றது’ என்போம். இரண்டிலும் உள்ள எண்களை வட்டமிடுங்கள்: 7.30, 7.40, 10. மூன்றும் பொருந்துகின்றன, ஆகவே சுருக்கம் சரி. ‘எண்ணொப்பு’ என்று வைக்கலாம்.

குடியாத்தம், மெய்ப்புத் திருத்துநர்:

எண்ணிலிருந்து தொடங்குவது நல்ல வழி, ஐயா. ஆனால் அங்கேயே நின்றதால் நான்கு பிழைகள் தப்பிவிட்டன. ‘தையல் பிரிவுக்கு மட்டும்’ போனதால் கட்டிங் பிரிவுக்காரரும் 7.30-க்கே வந்து நிற்பார். ‘ஒழிய’ போனதால், கையொப்பம் வாங்கினால் அரை நாள் மிஞ்சும் என்பது தெரியாமல் போகும். ‘மாற்றியவர்கள்’ என்பது ‘ஊழியர்கள்’ ஆகிவிட்டதால் எல்லாரும் நகல் எடுக்க ஓடுவார்கள். ‘10-ஆம் தேதிக்குள்’ என்பது ‘10-ஆம் தேதி’ ஆகிவிட்டது. அன்று ஞாயிறாக இருந்தால், அதுவரை காத்திருந்தவருக்குச் சம்பளம் பழைய கணக்கில்தான் விழும்.

தமிழில் நிபந்தனை சின்னச் சொல்லிலும் விகுதியிலும் உட்கார்ந்திருக்கிறது. மட்டும், தவிர, ஒழிய, வரை, -க்குள் இவை உதிர்ந்தாலும் வாக்கியம் முழுசாகவே தெரியும். அதனால்தான் கண்ணுக்குப் படுவதில்லை. வட்டமிடச் சொன்னால் எண்ணோடு இவற்றையும் சேர்த்து வட்டமிடச் சொல்லுங்கள்.

இதை இரண்டு முறை, எதிரெதிர்த் திசையில் செய்ய வேண்டும். முதலில் சுருக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் அறிவிப்பில் இடம் தேடி விரல் வைக்க வேண்டும். இடம் கிடைக்காத வரி செயலி தானாகச் சேர்த்தது. பிறகு அறிவிப்பின் ஒவ்வொரு வரியையும் சுருக்கத்தில் தேட வேண்டும். ‘பழைய கணக்கிற்கே செல்லும்’ விடுபட்டது இந்த இரண்டாம் சுற்றில்தான் பிடிபடும்.

‘மூல ஒப்பு’ என்பது என் பரிந்துரை.

வாணியம்பாடி, மனிதவள அலுவலர்:

ஆங்கில அறிவிப்போடு தமிழ் அறிவிப்பைச் சரிபார்ப்பதைத்தானே கேட்கிறீர்கள்? சட்டப்படி ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு சொன்னது. நாங்கள் வரிக்கு வரி பார்ப்போம். ‘மொழிபெயர்ப்புச் சரிபார்ப்பு’ என்ற சொல் இருக்கிறதே.

குடியாத்தம், மெய்ப்புத் திருத்துநர்:

அது வேறு, அம்மா. மொழிபெயர்ப்பில் ஒரு வரி குறைந்தாலும் பிழை. சுருக்கம் என்றாலே சில வரி குறையத்தான் செய்யும். ஆகவே ‘விடுபட்டிருக்கிறதா’ என்று கேட்பதோடு, ‘விடுபட்டதால் நான் செய்யப்போவது மாறுமா’ என்றும் கேட்க வேண்டும். நேரம், பணம், கடைசி நாள், யாருக்கு என்பதில் கை வைத்திருந்தால் மாறும். ‘நிர்வாகம் ஒத்துழைப்பை நாடுகிறது’ என்ற வரி போனால் பரவாயில்லை.

காட்பாடி, கணக்காளர்:

‘மட்டும்’ என் கண்ணில் படவே இல்லை. எண்ணொப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘மூல ஒப்பு’ வேண்டாம். முதல்முறை படிப்பவருக்கு ‘மூலம்’ என்றால் நோய்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘அசல், நகல்’ ரேஷன் கடை வரை எல்லாருக்கும் தெரியும். ‘அசலொப்பு’ எப்படி?

வாணியம்பாடி, மனிதவள அலுவலர்:

இங்கே உருது பேசும் தொழிலாளருக்கும் ‘அசல்’ உடனே புரியும்.

குடியாத்தம், மெய்ப்புத் திருத்துநர்:

அந்தச் சொல் அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. கலைச்சொல்லுக்கு அதை அடியாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கியவருக்கு வட்டிக்கு எதிரான ‘அசல்’ அல்லவா தோன்றும்?

வேலூர், கணினிப் பயிற்றுநர்:

கையேட்டில் தலைப்பு ‘அசலொப்பு’, உள்ளே வினையாக ‘அசலோடு ஒத்துப் பார்’ என்று இப்போதைக்கு வைக்கிறேன். இந்தச் சொல் இன்னொன்றுக்கும் உதவுகிறது. படத்திலிருந்து போன் படித்தெடுத்த எழுத்தோடு சுருக்கத்தை ஒப்பிடுகிறவர்கள் உண்டு. கண்ணாடிப் பளபளப்பில் போன் 7.30-ஐ 1.30 என்று படித்திருந்தால் இரண்டிலும் 1.30-தான் இருக்கும், பொருந்திவிடும். கீழ்வரி படத்தில் வெட்டுப்பட்டிருந்தாலும் அப்படியே. ‘அசல்’ என்றால் சுவரில் ஒட்டிய தாள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். இரண்டு சுற்றுகளுக்கும் தனித்தனிப் பெயர் இன்னும் வேண்டும். ‘இடந்தேடல்’, ‘விடுபாடு தேடல்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது நீளமாக இருக்கிறது.