Not Before, Not After: தமிழில் என்ன போடலாம்?

மேலூரான்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சின்ன நிரலின் முகப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைத் திறந்து காட்டும் இடத்தில் `Not Before`, `Not After` என்று இரண்டு வரி இருக்கிறது, அதைத் தாண்ட முடியாமல் இரண்டு நாளாக நிற்கிறேன். 'முன்னர் இல்லை', 'பின்னர் இல்லை' என்று போட்டுத் தம்பியிடம் காட்டினேன். "எது இல்லை, எங்கே இல்லை?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். பேசாமல் 'வழங்கிய நாள்', 'காலாவதி நாள்' என்று போட்டுவிடலாமா? குரோமில்கூட `Issued On`, `Expires On` என்றுதான் இருக்கிறது.

திருநகர் டீச்சர்

தம்பி, 'முன்' என்ற சொல்லைத் தொடாதீர்கள். 'முன்னாள் தலைவர்' என்றால் போன காலம், 'முன்னே போ' என்றால் இனிப் போகவேண்டிய வழி. பாவம், படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? எனக்கு இதில் குழப்பமே இல்லை: தொடக்க நாள், முடிவு நாள். முடிவு நாள் 14 என்று போட்டிருந்தால் 14ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணி வரை செல்லும். மின்கட்டணத்துக்குக் கடைசி நாள் என்றால் யாராவது விளக்கம் கேட்கிறோமா?

அண்ணாநகர்

'முன்' பற்றி டீச்சர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் 'நாள்' இங்கே ஆளைக் கவிழ்த்துவிடும், என்னைக் கவிழ்த்திருக்கிறது. நான் பார்த்துக்கொள்ளும் ஒரு கல்யாண மண்டபத்தின் தளம், 2025 ஜூலை. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு எப்போதோ நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. சர்வரில் பார்த்தபோது வந்தது இது:

```
$ openssl s_client -connect localhost:443 \
  </dev/null 2>/dev/null | openssl x509 -noout -dates
notBefore=Apr 15 20:12:42 2025 GMT
notAfter=Jul 14 20:12:41 2025 GMT
```

14ஆம் தேதி சாயங்காலம் மண்டபத்து அலுவலகத்துக்குப் போன் போட்டு, இன்றோடு முடிகிறது, சர்வரின் நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றி வைத்திருக்கிறீர்கள், உடனே கொடுங்கள் என்றேன். அங்கே இருந்தவர் குரோமில் திறந்து பார்த்துவிட்டு, "15 என்றுதானே சார் இருக்கிறது, காலையில் வந்து தருகிறேன்" என்கிறார். நான் ஃபயர்ஃபாக்ஸில் பார்க்கிறேன், 14 என்கிறது. கால் மணி நேரம் சண்டை. இரண்டு பேர் சொன்னதும் சரிதான். சான்றிதழுக்குள் நேரம் எப்போதும் கிரீன்விச் கணக்கில்தான் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் அதை அப்படியே காட்டுகிறது, குரோம் நம் கணினியின் நேரத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. 20:12:41 உடன் ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நள்ளிரவைத் தாண்டி 15ஆம் தேதி 1:42:41. அந்த நொடி வரைதான் உயிர். டீச்சர் கணக்குப்படி 14 நள்ளிரவிலும் இல்லை, அலுவலகக்காரர் நினைத்தபடி 15 முழுக்கவும் இல்லை. காலை ஆறு மணிக்குப் பெண் வீட்டார் ஒருவர் தளம் திறக்கவில்லை என்று போன் செய்துதான் என்னை எழுப்பினார்.

அப்புறம் 'வழங்கிய நாள்' என்பதும் தப்பு. இந்தச் சான்றிதழைக் கொடுத்தது லெட்ஸ் என்கிரிப்ட். அவர்கள் கொடுக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தைய நேரத்தை `notBefore` ஆக எழுதுகிறார்கள். பார்க்க வருகிறவரின் கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடினால், இப்போது வாங்கிய சான்றிதழ் அவருக்கு நாளைக்கு உரியதுபோலத் தெரிந்துவிடும் அல்லவா, அதற்காக. ஆக, ஏப்ரல் 16ஆம் தேதி விடியற்காலை 2:42 சுமாருக்கு நான் வாங்கியது, உள்ளே நம் நேரத்தில் 1:42 என்று இருக்கிறது. வழங்கியது வேறு, செல்ல ஆரம்பிப்பது வேறு.

செல்லூர் ஜெராக்ஸ்

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. என் கடையில் ஒரு பழைய மிஷினில் மூன்று நாளாக எந்தத் தளமும் திறக்கவில்லை, எல்லாவற்றிலும் `NET::ERR_CERT_DATE_INVALID` என்று வருகிறது. இத்தனை தளமும் ஒரே நாளில் காலாவதி ஆகுமா? சான்றிதழை எங்கே போய்ப் புதுப்பிப்பது, என் ஆதார், ஜிஎஸ்டி எல்லாம் கேட்பார்களா?

அண்ணாநகர்

அண்ணே, நீங்கள் எதையும் புதுப்பிக்க வேண்டாம். வலது பக்கம் கீழே தேதியைப் பாருங்கள், ஏதாவது பழைய வருஷத்தில் நிற்கும். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்குமே, CR2032, அது செத்திருக்கும். உங்கள் மிஷின் இன்னும் 2015இல் இருந்தால், 2025இல் தொடங்கும் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை.

மேலூரான், இதைக் கவனியுங்கள். காலம் முடிந்தாலும், காலம் தொடங்காவிட்டாலும் குரோமில் இந்த ஒரே பிழைக் குறியீடுதான். ஃபயர்ஃபாக்ஸ் இரண்டையும் பிரித்து, தொடங்காததற்கு `MOZILLA_PKIX_ERROR_NOT_YET_VALID_CERTIFICATE` என்கிறது. இரண்டுக்கும் 'காலாவதி' என்று மொழிபெயர்த்தால், அண்ணன் மாதிரி ஆட்கள் இல்லாத அலுவலகத்துக்கு அலைவார்கள்.

மேலூரான்

அப்படியானால் 'செல்லும்' என்பதை வைத்துக்கொண்டு முதல், வரை சேர்க்கலாமா? 'செல்லும் முதல்' நொண்டுகிறது. 'செல்லும் வரை' என்றால் யாரோ கிளம்பிப் போகும் வரை என்று ஆகிறது. 'செல்லும் முதல் நொடி', 'செல்லும் கடைசி நொடி' எப்படி?

திருநகர் டீச்சர்

நொடி என்று போட்டுவிட்டீர்கள், என் 'நாள்' தோற்றது, ஒப்புக்கொள்கிறேன். செல்லாக்காசு என்று சொல்கிற ஊரில் 'செல்லும்' யாருக்கும் புரியும். ஒன்று கேட்கிறேன், அந்தக் கடைசி நொடியும் கணக்கில் சேருமா, சேராதா? சேராது என்றால் 'கடைசி' பொய்.

அண்ணாநகர்

சேரும். இந்தச் சான்றிதழ்களுக்கான தர ஆவணமான RFC 5280 இரண்டு ஓரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மேலே தொடக்கம் 42, முடிவு 41 என்று ஒரு நொடி குறைவதைப் பார்த்தீர்களா? இரண்டு முனையையும் சேர்த்து எண்ணினால் சரியாகத் தொண்ணூறு நாள்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. 'நொடி' என்று தலைப்பு வைத்துவிட்டு நிரல் வெறும் தேதியை மட்டும் காட்டினால் என்ன பயன்? பக்கத்தில் மணியும், எந்த ஊர்க் கணக்கு என்பதும் இருக்கவேண்டும்.

மேலூரான்

மணி வருகிறது, ஊர்க் கணக்கு வரவில்லை. மூல நிரல்காரரிடம் கேட்டிருக்கிறேன். பிழைச் செய்திக்கு 'இன்னும் செல்லாது', 'இனிச் செல்லாது' என்று ஜோடியாக எழுதிவைத்தேன்.

திருநகர் டீச்சர்

இன்னும், இனி இரண்டும் அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும். எனக்குக் கண்ணாடி போட்டும் ஒரு தடவை தப்பியது. 'காலம் தொடங்கவில்லை', 'காலம் முடிந்தது' என்று விடுங்கள்.

மேலூரான்

அப்படிப் போட்டால் 'செல்லும்' விட்டுப்போகிறதே டீச்சர். இப்போதைக்கு இரண்டையும் எழுதி வைக்கிறேன், மற்றவர்களும் சொல்லட்டும்.

செல்லூர் ஜெராக்ஸ்

பேட்டரி மாற்றியாயிற்று, எல்லாம் திறக்கிறது, நன்றி. ஆனால் மாடியில் இருக்கிற மிஷினில் தேதி சரியாக இருக்கிறது, ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் அதே பிழைக் குறியீடு வருகிறது. அதுவும் பேட்டரியா?

அண்ணாநகர்

தேதி சரி, ஒரு தளம் மட்டும் என்றால் தப்பு அந்தத் தளத்துக்காரருடையது. சான்றிதழைத் திறந்து கடைசி நொடி என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள். எந்த உலாவியில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே.