10 சதவீத கேஷ்பேக்: பில்லைப் பிரித்துப் போடலாமா?

மாத மளிகைக்கு எந்தக் கார்டைத் தேய்ப்பது என்று சொல்லுங்கள். ஒன்றில் 10 சதவீத கேஷ்பேக். குறைந்தபட்ச பில் 1,000 ரூபாய், உச்சவரம்பு 150. மற்றொன்றில் 5 சதவீதம், உச்சவரம்பு 500.

முதல் கார்டில் 1,500 ரூபாய் வரைதான் உண்மையான 10 சதவீதம். அதற்கு மேல் கடையையே வாங்கினாலும் அதே 150தான். எங்கள் பில் 4,200 வரும்; அதில் 150 என்பது ஏறக்குறைய மூன்றரை சதவீதம். '10' மட்டும் கொட்டை எழுத்தில், வரம்பு எறும்பு எழுத்தில்! இரண்டாவது கார்டோ 210 தருகிறது. 3,000 ரூபாய் பில்லில் இரண்டும் சமம்.

பில்லை 1,500, 1,500, 1,200 என்று பிரித்தால் முதல் கார்டிலேயே 420 கிடைக்க வேண்டும். ஆனால் நிபந்தனையில் 'ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 150' என்று மட்டும் இருக்கிறது. இது ஒவ்வொரு பில்லுக்குமா, மாதம் முழுவதற்குமா? மாதத்துக்கு என்றால் 1,500ஐ முதல் கார்டிலும் மீதி 2,700ஐ இரண்டாவதிலும் போட்டு 285 பெறுவதுதான் லாபம்.

இப்படிப் பிரித்துப் போட்டவர்களுக்குப் பணம் எப்படி வரவானது? ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்து பில் 1,000க்குக் கீழே இறங்கினால், வந்த கேஷ்பேக்கைப் பிடித்துக்கொள்கிறார்களா?